கான் மூடியைத் தூக்கியவரின் பூர்வகதை

— இருபத்தெட்டாயிரத்து நானூறு ரூபா. மாசாமாசம் சம்பளத்துல வெட்டிக்கச் சொல்லி எழுதுங்க தங்கச்சி. அவ்ளோதான்.

— இஞ்ச பாருங்க வீரசிங்கம் அண்ணன், முனிசிப்பல் காயிதத்துல காசு மட்டும் கேக்கல்ல. கீழ சிங்களத்துல ஒரு கேள்வியும் ஈக்கு. வாசிக்கிறேன், கேளுங்க. ரோட்டோரத் தண்ணி ஓடுற கான், அதுக்கு மேல சங்கிலி போட்டுப் பூட்டின இரும்பு மூடி, நாலு பேர் சேந்து தூக்குறது. அத தனி ஆளா எப்படிக் கழட்டின? விளக்கம் தா. தராட்டி லொறி வச்சு இழுத்து, பழைய இரும்புக்கு வித்ததா முடிவெடுப்போம்.

— லொறியா? எனக்கு சைக்கிளே இல்லீங்க.

— மூடி இப்ப எங்க?

— கானுக்குப் பக்கத்துலதான் சாத்தி வச்சேன். விடிஞ்சு போய்ப் பாத்தா இல்ல. யாரோ கொண்டு போயிட்டாங்க.

— அவங்க எத்தன பேர் சேந்து தூக்கினாங்களாம்?

— அவங்கள விசாரிக்கல்லீங்க. அவங்க முனிசிப்பல் ஆளு இல்ல.

— அப்ப நீங்க காசு கட்டுறேன்டு எழுதினா, வித்தது நான்தான்டு ஒத்துக்கிட்ட மாதிரி. வேலையும் போயிடும். அதுவும் இதுல ஈக்கு.

— வேலையுமா?

— வேலையும்.

— மஹய்யாவயில நாங்க இருக்குற வீடு, இந்தக் கான் கழுவுற வேலையோட சேத்துக் குடுத்ததுங்க. சரி, அந்தக் கேள்விக்கும் ஏதாச்சும் எழுதிருங்க. நீங்கதான் படிச்சவங்க.

— முதல்ல நடந்தத சொல்லுங்க.

— மழை. மார்க்கெட்டுக்குப் பின்னால கான் நெறஞ்சு ஓடுது. மேல திறந்து கிடந்த எடத்துல ஒரு பொம்பளப் புள்ள விழுந்து, தண்ணி இழுத்துட்டு வந்து மூடிக்குக் கீழ சிக்கிருச்சு. கம்பிக்கு நடுவால கை வந்துச்சு. தூக்குனேன். வந்துருச்சு. புள்ள மேல ஏறி ஓடிருச்சு. அவ்ளோதான்.

— சங்கிலி?

— அதுவும் வந்துருச்சு.

— பாத்தவங்க ஒருத்தரும் இல்லையா?

— அந்த மழைல எவன் நிப்பான்?

— அவ்வளவு பலம் எங்கால வந்த?

— தெரியாதுங்க. அதுக்கு முந்தி இருக்கல்ல. அதுக்கு அப்புறமும் இல்ல. நேத்து அரிசி மூட்டை தூக்கப் போயி இடுப்பு புடிச்சிருச்சு.

— அண்ணன், இவங்க கேக்குறது விளக்கம் இல்ல, பூர்வகதை. சூப்பர் ஹீரோவுக்கெல்லாம் ஒண்டு ஈக்குமே, சக்தி வந்த கதை. ஞாயித்துக்கிழம பேப்பர்ல சுதேஷ் என்டு ஒருத்தர் போடுற படக்கதை தெரியுமா? எங்கட வீட்டு மூத்தவர், நானா, ஒரு கிழமையும் வாசிக்காம விட மாட்டார்.

— பறக்குறவரு கதைதானே? தெரியுமே. நாப்பது வயசுல நான் எழுத்துக் கூட்டப் பழகுனதே அதுலதான். படத்தப் பாத்தா பாதி புரிஞ்சிரும், மிச்சத்துக்கு எழுத்துப் போதும்.

— அப்படியா.

— ஏங்க?

— ஒண்டுமில்ல. பூர்வகதைக்கு நாலு வழி ஈக்கு. எது உங்களுக்குப் பொருந்துதோ அத எழுதுவம். முதலாவது விபத்து. ஆள் சும்மா தன்ட பாட்டுல போவான். ஒரு பூச்சி கடிக்கும், இல்லாட்டி ஒரு மருந்து மேல கொட்டும். மறுநாள் எழும்பினா சக்தி ஈக்கும்.

— எனக்கும் கொட்டிருக்கு. பெட்டரிக் கடைக் கழிவு, சாயக் கழிவு, எல்லாம்.

— என்ன வந்த?

— சொறி. அப்புறம் எலிக்காய்ச்சல்.

— மறுநாள் எழும்பினீங்களா?

— மறுநாள் எழும்பல்லீங்க. ஆஸ்பத்திரில கெடந்தேன்.

— சரிவராது. வேறொரு சிக்கலும் ஈக்கு. விபத்துல சக்தி வந்தவன் அதுக்காக ஒண்டும் செஞ்சிருக்க மாட்டான், சும்மா கெடச்சது. அதனால முதல்ல அத தனக்குத்தான் பாவிப்பான். காசு உழைப்பான், பேர் எடுப்பான். அந்த நேரம் இவன் கண்டுக்காம விட்ட ஒரு சின்ன விஷயத்தால வேண்டிய ஒரு ஆள் உசுரு போய் மௌத்தாகும். அதுக்குப் பொறகுதான் அவன் ஹீரோ. ஆயுசுக்கும் அந்தக் கடனத்தான் அடைப்பான்.

— அப்ப விபத்துன்னு எழுதுனா, முதல்ல தனக்குத்தானே பாவிச்சான், இரும்ப எங்க வித்தான்னு கேப்பாங்க.

— கேப்பாங்க.

— வேணாங்க. அடுத்தது?

— சோகம். கண்ணுக்கு முன்னால வீட்டு ஆக்கள பறிகொடுத்தவன். இவனுக்கு சக்தியே தேவல்ல. சபதம் எடுப்பான், வருஷக் கணக்கா உடம்பப் பழக்குவான். பொதுவா நல்ல காசுக்காரனாவும் ஈப்பான், இல்லாட்டி பழக நேரம் கெடைக்காதே.

— அம்மா பொறந்த தோட்டம் ஹுன்னஸ்கிரியாவுல, அங்க போயிருந்தப்ப மண்ணு சரிஞ்சு போனாங்க. லயத்து வீட்டோட.

— ஐயோ, அண்ணன். மன்னிச்சிக்கோங்க.

— பழசுங்க. எழுதுறதுன்னா எழுதுங்க.

— அப்ப ஏதாவது சபதம் எடுத்தீங்களா?

— லீவே எடுக்க முடியல்லீங்க.

— இது வேணாம் அண்ணன். சோகத்துல பொறந்த ஹீரோவுக்கு நிப்பாட்டத் தெரியாது. ஒவ்வொரு நாளும் யாரக் காப்பாத்தினாலும் அந்தப் பழைய ஆளத்தான் காப்பாத்தப் பாப்பான். படிக்க நல்லா ஈக்கும். விசாரணைல சொன்னா, மண்ட சரியில்ல, பென்ஷன் குடுத்து அனுப்புங்கன்டு சொல்லுவாங்க.

— பென்ஷன் குடுப்பாங்களா?

— அனுப்புறது மட்டும் நிச்சயம்.

— அப்ப மூணாவதச் சொல்லுங்க.

— பரிசோதனை. ஒரு விஞ்ஞானி ஆளத் தேடுவார். நோஞ்சானா ஈந்தாலும் நல்ல மனசுள்ளவன் வேணும். ஊசி ஒண்டு போடுவாங்க. இல்லாட்டி சிறைல ஈக்கிறவனக் கேக்காமலே புடிச்சுப் போடுவாங்க.

— எங்களுக்கு ஊசி இல்ல, மாத்திரை. எலிக்காய்ச்சலுக்கு, கிழமைக்கு ஒண்ணு. முனிசிப்பல் குடுக்குறது.

— கேட்டுட்டுக் குடுத்தாங்களா?

— வரிசைல நிக்கச் சொன்னாங்க.

— நல்லது, இது கொஞ்சம் பொருந்துது. பரிசோதனைல சக்தி வந்தவன் முழுசா அவனுக்குச் சொந்தம் இல்ல. செஞ்சவங்க வந்து, எங்கட சாமான்டு உரிமை கேப்பாங்க. அப்ப பலமும் முனிசிப்பலுட, மூடியும் முனிசிப்பலுட. முனிசிப்பல் பலத்தால முனிசிப்பல் மூடியத் தூக்கினதுக்கு ஒரு தனி ஆள்ட்ட என்னத்துக்குக் காசு?

— இது நல்லா இருக்கே. எழுதுங்க, எழுதுங்க.

— இருங்க. அந்த மாத்திரைய எத்தன பேர் குடிச்ச?

— எங்க கூட்டம் மொத்தமும். எங்கள வேலை வாங்குற ஓவசியரும் குடிச்சாரு.

— போச்சு. கதைல அந்த மருந்து ஒருத்தனுக்குத்தான் வேலை செய்யும். செஞ்ச விஞ்ஞானி அண்டைக்கே செத்துடுவார், காயிதமெல்லாம் எரிஞ்சிடும். இல்லாட்டி ஊர் முழுக்க ஹீரோதானே? அப்படியும் தப்பித் தவறி ரெண்டாவது ஆள் குடிச்சா, அவன்தான் வில்லன்.

— அது சரியாத்தான் இருக்கு. ஓவசியர்தான் இந்தப் பெட்டிஷனப் போட்டவரு.

— நாலாவதுக்குப் போவம். பரம்பரை. இது உங்களுக்குன்டே தைச்ச மாதிரி ஈக்கும். பையன் சாதாரண வீட்டுல வளருவான். தான் யாரென்டு தெரியாது. ஒரு நாள் ஒரு மோதிரமோ வாளோ கைக்கு வரும். அப்பதான் தெரியும், வாப்பாவும் அப்படி, வாப்பாட வாப்பாவும் அப்படி. பலம் ரத்தத்துல தூங்கிட்டு ஈந்திருக்கு. உங்கட அப்பாவும் இதே வேலைதானே?

— அப்பா, தாத்தா, தாத்தாவோட அப்பா. வாள் இல்ல. மம்பட்டி வந்துச்சு.

— அருமை. மறைஞ்சு வாழ்ந்த ஒரு பரம்பரை...

— மறைஞ்செல்லாம் வாழல்லீங்க. காக்கி சட்டை போட்டு நடுரோட்டுலதான் நின்னோம். பாக்காதவங்க பாக்கல்ல.

— அத அப்படியே எழுதவா? நாலு தலைமுறையாக் கான்ல வளந்த பலம். கேக்குறவங்க மறுத்துப் பேச மாட்டாங்க.

— வேணாங்க.

— ஏன் அண்ணன்? இது ஒண்டுதான் நிக்கும்.

— எங்க மக டிலானி ஏ.எல். பரீட்சை எழுதப் போகுது. பலம் எங்க ரத்தத்துல இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு அது வேலை கேட்டுப் போறப்ப அந்தக் காயிதத்த எடுத்துக் காட்டுவாங்க. உங்க ரத்தத்துக்குக் கான்தான் சரின்னு உங்கப்பனே எழுதியிருக்கானேன்னு. வேலை போனாலும் போகுது, அத எழுதாதீங்க.

— எழுதல்ல. இந்தா, வெட்டிட்டேன்.

— நாலும் முடிஞ்சுச்சு. தவணைன்னே எழுதிருங்க தங்கச்சி.

— முடியல்ல அண்ணன். இந்த நாலும் பாதிதான். சக்தி எங்கால வந்ததுன்டு மட்டும்தான் சொல்லும். ஒரே விபத்துல ரெண்டு பேர் மாட்டுவாங்க, ஒருத்தன் ஹீரோ, மத்தவன் வில்லன். ஒரே ரத்தத்துல அண்ணன் தம்பி, அங்கயும் அப்படித்தான். அப்ப வித்தியாசம் சக்தில இல்ல. முதல் தடவ அத யாருக்காகப் பாவிச்சான், அதுதான் மத்தப் பாதி. அது இல்லாட்டி எந்தப் பூர்வகதையும் நிக்காது.

— அந்தப் பாதிதான் ஓடிருச்சே. கும்பிடக்கூட நிக்கல்ல. செருப்பும் ஒத்தக் கால்லதான்.

— அவட முகம் தெரியாதா?

— தலைல துணி ஒட்டிப் போயிருந்துச்சு. தெரியல்லீங்க.

— வேற ஒண்டுமே பாக்கல்லையா?

— கையப் பாத்தேன். விரல்ல கறுப்பு மை. கான் தண்ணிலயும் போகல்ல. என்ன தங்கச்சி, பேனை நின்னுருச்சு?

— மை முடிஞ்சிட்டு.

— விரல்ல இருக்குதே.

— ...எப்பயிலிருந்து தெரியும் உங்களுக்கு?

— அந்தக் காயிதத்த வாங்க கைய நீட்டுனீங்களே, அப்ப.

— பொறகு ஏன் சொல்லல்ல? இவ்வளவு நேரமா நான் கதை கதையா அளக்குறேன், நீங்களும் கேட்டுட்டு ஈக்கிறீங்க!

— நீங்க ஓடுனீங்க. ஓடுறவங்களுக்கு ஏதாச்சும் ஒரு காரணம் இருக்கும். அதான் தவணைன்னு சொன்னேன்.

— காரணம் ஈக்கு. அந்த நேரம் நான் கணக்கு வகுப்புல ஈக்க வேணும். நானா காசு கட்டி அனுப்புறார். நான் போறல்ல. பேப்பர் ஒபீஸுக்குப் படம் குடுக்கப் போனேன். காசு கேட்டு உங்களப் புடிப்பாங்கன்டு சத்தியமாத் தெரியாது அண்ணன். இண்டைக்கி நீங்க வந்து அந்தக் காயிதத்த நீட்டக்குள்ளதான்...

— படம்னா?

— பறக்குறவர்ட படம்.

— அப்ப சுதேஷ்ங்கிறது?

— இந்தக் கைதான்.

— அடடா. அப்ப நான் எழுத்துப் பழகுனது உங்ககிட்ட. சரி, மெதுவாப் பேசுங்க. உள்ள உங்க நானா இருக்காரு.

— மெதுவாப் பேசல்ல. சத்தமா வாசிச்சுத்தான் எழுதப் போறேன். "அன்றைய மழையில் கானுக்குள் அகப்பட்டது நான். என்னைத் தூக்கவே வீரசிங்கம் மூடியைத் தூக்கினார். பூட்டைத் திறக்க ஆள் தேடியிருந்தால் என்னைத் தேட வேண்டி வந்திருக்கும். விசாரணைக்கு நேரில் வந்து சொல்வேன். பெயர் பாயிஸா. படக்கதையில் பெயர் சுதேஷ்."

— பாயிஸா! உள்ளுக்கு ஈந்து கேட்டுட்டுத்தான் ஈக்கிறேன். சுதேஷ் நீயா?

— நான்தான் நானா.

— கானுக்குள்ள விழுந்ததும் நீயா? அந்தக் காய்ச்சல் அதாலயா?

— அதாலதான்.

— அப்ப அந்தக் கணக்கு வகுப்பு?

— இந்தா, இப்ப கணக்குத்தான் போடுறேன், கேளுங்க. "இரும்பு மூடிக்கு இருபத்தெட்டாயிரத்து நானூறு ரூபா என்று விலை போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இருந்த எனக்கும் ஒரு விலை போட்டு, இதைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை இவர் கையில் கொடுங்கள்."