ஒன்பதாம் வருசத்துக்கு மண் சாடி

— ஒன்னால தான் மச்சான், கொடகவெலையில உள்ள புருசன்மாரெல்லாம் என்ட கிஃப்ட் கடைக்கு சாபம் போட்டுட்டுப் போறாங்க!

— நான் என்னா செஞ்சேன் நஸீம்? பக்கத்துக் கடையில ஆணி வித்துக்கிட்டு இருக்கேன். நம்ம ஆணி குத்தினா காலோட சரி, குடும்பம் வரைக்கும் ஏறாது.

— நடிக்காத கிருஷ்ணராஜ். நேத்து ஒரு டீச்சர்ட மாப்பிள்ள வந்து, "மூணாம் வருசமாம், தோல் சாமான் என்ன ஈக்கு?"ன்னு கேக்கிறாரு. பின்னாலயே இன்னொருத்தர், "எனக்கு ரெண்டாம் வருசம், பருத்தி"ங்கிறாரு. "ஏன் சேர், ஒரு சென்ட் போத்தல் குடுத்தா பத்தாதா?"ன்னேன். "முடியாது, தனுஷிகா டீச்சர்ட ஹஸ்பன்ட் வருசா வருசம் லிஸ்ட் பாத்துத் தான் குடுக்கிறாராம்"னு அழுவாத கொற.

— தனுஷிகா டீச்சர்ட ஹஸ்பன்ட் நான் தானே?

— ஆ, ஞாபகம் வந்திட்டா?

— ஹரி ஹரி, சரி, அது வெளங்குது. என்னா லிஸ்ட்?

— அல்லா! மெய்யாவே தெரியாதா? இந்தா, கொழும்புல கிஃப்ட் சாமான் அனுப்புறவங்க சுவத்துல ஒட்டிட்டுப் போன லிஸ்ட் சாட். கல்யாணமாகி எத்தின வருசமோ, அதுக்கு ஏத்த சாமான். மொத வருசம் கடதாசி, ரெண்டுல பருத்தி, மூணுல தோல். அஞ்சுல மரம். அப்படியே ஏறி இருவத்தஞ்சுல வெள்ளி, நாப்பதுல சிவப்புக் கல்லு, நாப்பத்தஞ்சுல நம்மட ரத்தினபுரி நீலக் கல்லு, அம்பதுல தங்கம்.

— நாப்பத்தஞ்சு வருசம் தாக்குப் பிடிச்சா தான் நம்ம ஊருக் கல்லா? கீழ இருக்கிற மண்ணுல கெடக்கிறதுக்கு இம்புட்டுக் காத்திருப்பா!

— ஏன் மச்சான் அப்படி? மொதல்ல கடதாசி தானே கிழியும். வருசம் போகப் போக குடும்பம் உறுதியாகுதுன்னு கணக்காம்.

— எங்க வீட்டுல மொத வருசம் நான் கடதாசி குடுக்கலயே. கெடியாரம் குடுத்தேன். அதுவும் பெயின்ட் கம்பனிக்காரன் கடைக்கு சும்மா குடுத்தது. நடுவுல பெரிசா பெயின்ட் டின் படம் இருக்கும்.

— பொறு. இந்தப் பக்கம் புது லிஸ்ட் ஈக்கு. மொத வருசம்... கெடியாரம்!

— என்னா?

— மெய்யா தான், பாரு. நாலாம் வருசம் என்ன குடுத்த?

— ரைஸ் குக்கர். பழசு எரிஞ்சு போச்சு, அதனால.

— புது லிஸ்ட்ல நாலு, வீட்டுக்கு மின்சார சாமான்!

— டேய் நஸீம், எனக்கு மயிர்க்கூச்செறியுது. ஆறாம் வருசம் சுத்தமா மறந்துட்டேன். பெல்மதுள்ள பஸ் ஸ்டேன்ட்ல ஞாபகம் வந்து, ஓடிப்போய் ஒரு தொதல் பார்சல் வாங்கினேன்.

— ஆறு... இனிப்பு! பழைய லிஸ்ட்லயே ஈக்கு மச்சான், இனிப்பு இல்லாட்டி இரும்பு!

— அப்ப நான் யாருடா? எனக்கே தெரியாம ஒரு பெரிய காதல் மன்னன் எனக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கான்! ஏழுல உரக் கம்பனி பேனா ஸ்டேன்ட் குடுத்தேன்.

— மேசைச் சாமான். புது லிஸ்ட். அதுவும் சரி! எட்டு?

— எட்டுல... இல்ல, அதை விடு.

— சொல்லு.

— உப்பு. ஒரு பக்கட் உப்பு. கறி அடுப்புல கெடக்கு, உப்பு வாங்கிட்டு வாங்கன்னு போன் பண்ணினா. வேற ஒண்ணும் வாங்கல. ஆனா அவ கோவப்படல நஸீம். அந்தப் பக்கட்ட நெஞ்சோட வச்சிக்கிட்டு, அவ அக்கா விஜயகலா மதினிக்குப் போன் போட்டா.

— ஆனா இந்த சாட்ல எட்டுல உப்பு இல்லயே. வெங்கலம் தான் ஈக்கு.

— போச்சா! எட்டு வருசம் உயர ஏறி, உப்புல சறுக்கிட்டேனா?

— இன்னைக்கு ஒன்பதாவது. ராவைக்கு ஒன்ட வீட்டுல சாப்பாடாம், டீச்சர்மாரெல்லாம் நீ என்ன குடுக்கிறன்னு பாக்கவே வாறாங்களாம். அத சொல்லத் தான் ஒன்ன கூப்பிட்டேன்.

— டீச்சர்மாரா! நான் அவ அக்கா குடும்பம் மட்டும் தான்னு நெனச்சு, ஏற்கனவே ஒரு சாமான் வாங்கி உன் மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேனே!

— ஆமா, இந்தச் செவப்பு ஹெல்மட். அத நீ ஏன் வாங்கினன்னு இன்னும் சொல்லல.

— ரெண்டு வருசமா ஸ்கூட்டி ஓட்டணும்னு கேக்கிறா. நான் தான் வேணாம்னேன். ரக்வானை ரோட்டு வளைவுல பஸ் வார வேகத்தப் பாத்தா எனக்கு கடைக்குள்ளயே வேர்க்குது. சித்திரை மழையில பஸ் வராம, தேயிலைத் தோட்டத்து லொறியில கொழுந்து மூட்டைக்கு நடுவுல ஏறி வந்தா. டீச்சர், நஸீம்! கொண்டையில நாலு கொழுந்து. ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், தைரியம் வர தான் நாலு மாசம் எடுத்திச்சு.

— அப்ப இத விட நல்ல சாமான் எங்க ஈக்கு? இதையே குடு.

— லிஸ்ட்ல இருக்கா?

— ஒன்பது... மட்பாண்டம். இல்லாட்டி பிரம்புக் கூடை மாதிரி சாமான். இங்கிலாந்துல செம்பாம். புது லிஸ்ட்ல தோல். ஹெல்மட் ஒரு எடத்துலயும் இல்ல.

— உள்ளுக்குத் தோல் வச்சிருக்காதா? நாடிக்குக் கீழ இந்தப் பட்டி?

— அது நைலோன் மச்சான்.

— அப்ப மட்பாண்டம் எடு. அந்த மேல் தட்டுல இருக்கிற பூச்சாடி.

— இந்தா, மொலகொட குயவர் ஊருல சுட்டது, நல்ல சாமான் தான். ஆனா நீ நாலு மாசம் யோசிச்சு வாங்கினது ஹெல்மட். இது நாலு நிமிசத்துல எடுக்கிறது. யோசி.

— யோசிச்சுட்டேன். மதினியோட மாப்பிள்ள வருசா வருசம் தங்கம் குடுக்கிறாரு. அம்பதாம் வருசம் குடுக்க வேண்டியத மொத வருசத்துலயே குடுத்து முடிச்ச மனுசன்! அவங்களுக்கு முன்னால என் பொண்டாட்டி தலை நிமிந்து நிக்கிறது இந்த லிஸ்ட்டால தான். அத நான் ஒரு ஹெல்மட்டால ஒடைக்கிறதா? சாடியக் கட்டு, சீக்கிரம்.

— இனிக் கட்ட நேரமில்ல. திரும்பிப் பாரு. வாங்க தங்கச்சி, வாங்க!

— நஸீம் நானா, ராவைக்கு நீங்களும் உங்க வீட்டு நோனாவும் கட்டாயம் வரணும். ஏங்க, ஆணிக் கடைய தொறந்து போட்டுட்டு இங்க என்னா பண்றீங்க? கையில என்னா அது?

— தனு! ஆ... ராவைக்குக் குடுக்க இருந்தேன். பரவாயில்ல, இப்பவே வாங்கிக்க. ஒன்பதாம் வருசம். மட்பாண்டம். பழைய லிஸ்ட்படி.

— பழைய லிஸ்ட்படியா?

— என்னா தனு? செம்பு வேணுமா? இங்கிலாந்துல செம்பாம். நான் எல்லாம் படிச்சு வச்சிருக்கேன்.

— யாருங்க உங்களுக்கு லிஸ்ட்ட காட்டினது?

— காட்டினதா? நான் தான் மொத வருசத்துல இருந்தே...

— நஸீம் நானா, மேசைக்கு அடியில ஒளியாதீங்க, உங்க தொப்பி தெரியுது.

— நான் பேனா விழுந்திச்சின்னு பாத்தேன் தங்கச்சி.

— ஏங்க, மொத வருசம் அந்தப் பெயின்ட் டின் கெடியாரத்த அக்கா பாத்துச் சிரிச்சா. எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு. "இது வெளிநாட்டு முறை அக்கா, மொத வருசம் கெடியாரம் தான் குடுப்பாங்க"ன்னு வாயில வந்தத சொல்லிட்டேன். அப்புறம் பயந்துபோய் போன்ல தேடினா, மெய்யாவே ஒரு லிஸ்ட்ல இருந்திச்சு! அதுல இருந்து நீங்க எத கொண்டாந்தாலும் நான் ராவெல்லாம் தேடுவேன். பழசுல இல்லாட்டி புதுசு, அமெரிக்காவுல இல்லாட்டி இங்கிலாந்து. எங்கயாவது ஒண்ணுல மாட்டும்.

— அப்ப... உப்பு?

— அதுக்குத் தான் ரொம்ப அலைஞ்சேன். இங்கிலாந்துல ஒரு பழைய லிஸ்ட்ல எட்டாம் வருசம் உப்பு. கண்டதும் துள்ளிட்டேன்! அன்னைக்கு அக்காவுக்குப் போன் போட்டது அதுக்குத் தான்.

— அப்ப எனக்குள்ள இருந்த காதல் மன்னன்...

— அவரு என் போன்ல இருந்தாருங்க.

— தங்கச்சி, என்ட வியாபாரத்துக்கே நீங்க தானா மொதலாளி!

— டீச்சர்மாருக்குச் சொன்னது கொஞ்சம் ஓவராயிடுச்சு நானா. ஆனா ஏங்க, இந்த வருசம் எனக்கு அலுத்துப் போச்சு. எந்த லிஸ்ட்லயும் மாட்டாத ஒரு சாமான் வரணும், நான் தேடியும் கெடைக்காம தோக்கணும்னு ஆசையா இருந்திச்சு. நீங்க என்னான்னா, ஒன்பது வருசத்துல மொத தடவையா பரீட்சைல பாஸாகி வந்து நிக்கிறீங்க.

— நஸீம்.

— என்ன மச்சான்?

— மேசைக்கு அடியில இருக்கிறத எடு.

— பேனாவா?

— டேய்!

— எடுக்கிறேன் எடுக்கிறேன்! இந்தாங்க தங்கச்சி. அமெரிக்காவுல இல்ல, இங்கிலாந்துல இல்ல. நானே தேடிட்டேன்.

— ஹெல்மட்டா? செவப்பு! ஏங்க... நெசமாவா? நீங்களா?

— ஸ்கூட்டி அப்புறம் பாப்போம் தனு. மொதல்ல மைதானத்துல பழகு. நான் பின்னால ஓடி வாறேன். வளைவுப் பக்கம் போகக் கூடாது. மழைன்னா வேணாம். வெயில்னாலும்... ஹரி, வெயில்ல போ. என்னா, ஏன் அழுற? அளவு சின்னதா?

— சின்னதில்ல, சரியான பெரிசு.

— உன் தலைய நெனச்சுத் தானே வாங்கினேன்?

— உங்க தலைக்குத் தான் சரியா இருக்கும், போட்டுக்கிட்டு வெளிய வாங்க. அக்காவோட பழைய ஸ்கூட்டி வாசல்ல நிக்கிது, என் ஹெல்மட் அதுல தொங்குது. ரெண்டு மாசமா இந்த வளைவெல்லாம் நான் தான் ஓட்டுறேன், நான் நேரத்தோட வீடு வாறதப் பாத்து, நீங்க பஸ் இப்ப நேரத்துக்கு வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீங்க!