எட்டுல சனி

நாவலப்பிட்டி பஸ் பேராதனை நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் ஒரு ஜாதகம்.

"எட்டுல சனி. அதான் காலைலயே போன் பண்ணி அந்தப் பையன் வேணாம்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எதுலருந்து எண்ணுனீங்க அக்கா?"

"சந்திரன் இருக்கிற கடகத்துலருந்து. கும்பம் எட்டு வருது."

"மொதல்ல லக்னத்துலருந்துல்ல எண்ணணும்? லக்னம் துலாம். அது ஒண்ணு, விருச்சிகம் ரெண்டு, தனுசு மூணு, மகரம் நாலு, கும்பம் அஞ்சு. ஆறு, எட்டு, பன்னெண்டுதான் கெட்ட வீடு. ஒண்ணு, அஞ்சு, ஒம்பது திரிகோணம், நல்ல எடம்."

"இருந்தாலும் சனி சனிதானே?"

"துலா லக்னத்துக்கு இல்லக்கா. ஒண்ணு, நாலு, ஏழு, பத்து கேந்திரம். மகரம் நாலாவது, கும்பம் அஞ்சாவது, ரெண்டுமே சனியோட வீடு. கேந்திரத்துக்கும் திரிகோணத்துக்கும் ஒரே கிரகம் அதிபதியானா யோகம் குடுக்கும். இங்க சொந்த வீட்டுலயே வேற இருக்கு."

ஜன்னலோரப் பெண் அவசரமாகப் போனை எடுத்தார். மூன்று தடவை அடித்தார்.

"எடுக்க மாட்டேங்கிறாங்க."

"வீட்டுக்குப் போயி பேசுங்க அக்கா."

பஸ் நகர்ந்தது. ஜன்னலோரப் பெண் ஜாதகத்தை வாங்கி மடித்தார்.

"முந்தி வந்த நாலு ஜாதகத்தையும் நான் இப்பிடித்தான் எண்ணித் திருப்பி அனுப்புனேன். மகளுக்கு இப்ப முப்பத்தொண்ணு."