ஒரே பக்கம் சாயும் தராசு

ஹலோ... அக்கா, நான்தான். என் ஞாபகசக்தி விலைக்கு வருது, எடுத்துக்கறியா? ... முப்பத்தெட்டு வருஷம் ஓடின சரக்கு. ஒரு டீ விலை குடு, போதும். ... சிரிக்காதே. இந்த வீட்டுல அதுக்கு அந்த விலைகூடத் தேறாது.

... ஆமா, ஆமா. சமையலறையிலதான் இருக்கேன். வீட்டுக்காரர் உள்ளே டிவி பாக்கறார். ... மெதுவாத்தான் பேசறேன். ... சரி, விஷயத்துக்கு வரேன். நாளைக்கு அப்பாவை இங்கே கூட்டிட்டு வரவேண்டாம்.

...

தெரியும்க்கா. நாளைக்குக் கண் கட்டைப் பிரிக்கறாங்க, பிரிச்சதும் நேரா இங்கேதான் வரதா இருந்தார், பையைக்கூடக் கட்டி வெச்சுட்டார். எல்லாம் தெரியும். ... தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோ. அத்தான்கிட்டயும் சொல்லிடு. இன்னும் ஒரு மாசம் உங்க ரெண்டு பேருக்கும் சிரமம். ... ஏன்னா, அவர் அப்பாவைக் கூப்பிடவே இல்லையாம்.

... 'இல்லையாம்'னுதான் சொல்ல முடியுது, நான் என்ன பண்ண? போன்ல 'மாமா, ஆபரேஷன் முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கே வந்துடுங்க, முன்ரூமை ஒழிச்சு வெக்கறேன்'னு அவர் சொன்னப்போ நான் பக்கத்துலதான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். அப்படி நினைச்சேன். ... நினைச்சேன்க்கா, கேட்டேன்னு சொல்ல இப்ப தைரியம் இல்ல. முந்தாநாள் முன்ரூமைக் கூட்டப் போனேன். 'எதுக்கு?'ன்னார். அப்பாவுக்குன்னேன். 'ஒரு நாள் வந்துட்டுப் போங்கன்னு மரியாதைக்குச் சொன்னேன். நீ எப்பவுமே உன் ஆசையையும் சேர்த்துக் கேக்கறே'ன்னார்.

... இல்லை, கத்தலை. கத்தினா நானும் கத்துவேனே. நம்ம வீட்டுல யாருக்குத் தொண்டை சின்னது? அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பாரு, எப்படி நடுங்குது. கொஞ்ச நாளா உன்னை நினைச்சாலே பயமா இருக்கு'ன்னார். அப்புறம் அவரே டீ போட்டுக் குடுத்தார். கோபப்படறவங்ககிட்ட சண்டை போடலாம். இரக்கப்படறவங்ககிட்ட என்ன போட முடியும்? டீயை வாங்கிக் குடிச்சுட்டு மன்னிப்புக் கேட்டேன்.

... எத்தனை நாளாவா? ... போன வருஷத்துல இருந்துன்னு வெச்சுக்கோ. முதல்ல சின்னச் சின்னது. தியேட்டருக்குப் போலாம்னு சொல்லுவார், நான் புடவை மாத்திக்கிட்டு வந்தா 'எங்கே கிளம்பிட்டே?'ம்பார். பெட்டி வாங்கச் சொல்லுவார், வாங்கிட்டு வந்தா 'யாரைக் கேட்டு வாங்கினே?' போன மாசம் அவர் நண்பர்கள் எதிர்ல என்னைத் தடிச்சின்னு சொன்னார். அப்புறம் கேட்டா, 'ச்சே, நான் அப்படிச் சொல்வேனா? உன் மனசுல என்னைப் பத்தி எவ்வளவு அழுக்கு'ன்னார். கடைசியில நான்தான் அழுதேன், அவர்தான் மன்னிச்சார்.

... நம்பினேன்க்கா. நம்பாம? ஒருத்தர் இவ்வளவு நிச்சயமா சொல்றப்போ, நிச்சயமில்லாதவதானே தப்பாயிருப்பா? இப்பெல்லாம் ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ரெண்டு தடவை ஒத்திகை பாக்கறேன். அடுப்பை அணைச்சேனான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறேன். தையல் சாமான் கடை வேலையை விட்டுடு, தலைக்கு ஓய்வு வேணும்ங்கறார். அதையும் நாளைக்கே முதலாளியம்மாகிட்ட சொல்லிடலாம்னு...

... கடையிலயா? ... கடையில எதுவும் மறக்கலையே. கோட்டுல இருந்து விழுந்த பட்டனுக்கு ஜோடி கேட்டு யாராவது வந்தா, மேல் தட்டுல ஓரத்து டப்பான்னு ஏணி ஏறாமலே சொல்லிடறேன். போன மழைக்கு வந்தவங்களுக்கு எந்த லைனிங் குடுத்தேன்னுகூட... ... ஏன், ஏன் கேக்கறே? ... இல்ல, வீட்டுல மட்டும்தான். ... அவர்கூட இருக்கறப்போ மட்டும்தான்.

... இரு, இரு. வரார்.

ஆமாங்க, அக்காதான்... பேசி முடிச்சுட்டேன், இதோ வெச்சுடறேன். ... எந்தச் சட்டை? ... பழுப்புச் சட்டையா? அது வேண்டாமா? ... சரி, இஸ்திரி போடலை. மடிச்சபடியே பீரோல வெச்சுடறேன். ... சரிங்க.

... போயிட்டார். டப்பாக்கு நடுவுல போனைச் சாய்ச்சு வெச்சிருந்தேன், கேட்டுதா? ... கேட்டுதா, நல்லது. ஒண்ணுமில்ல, நாளைக்கு எந்தச் சட்டைன்னு பேசினார். ... சும்மாச் சொல்லக்கூடாது, இன்னைக்கு நல்ல மூடுலதான் இருக்கார். அதான் சொல்றேன், குறை அவர் மேல இல்ல...

... அப்பா விஷயமா? அதுல யாரைக் குறை சொல்ல? ... நீ சமாதானம் சொல்லத்தான் செய்வே. ஆனா அப்பாவை ஏமாற வெச்சது நான். பாவம், முன்ரூம்னதும் அவ்வளவு சந்தோஷப்பட்டார். ஜன்னல் பக்கம் கட்டில் போட முடியுமான்னுகூட... ... அழலை. வெங்காயம். ... சரி, அழறேன். வெங்காயம் நறுக்கலை.

... ஐயோ, திரும்பவும் வரார்.

என்னங்க? ... பழுப்புச் சட்டையா? நீங்கதானே இப்ப இஸ்திரி வேண்டாம்... ... நாளைக்கு மீட்டிங்கா? ... இல்லைங்க, இப்பதான்... இதே இடத்துல நின்னு... ... ஆமா. ... ஆமாங்க. ... என் காதுலதான் ஏதோ கோளாறு. ... சரி, டாக்டரைப் பாக்கறேன். ... சரிங்க, இப்பவே போட்டுடறேன். மன்னிச்சுக்கங்க.

...

அக்கா. ... இருக்கியா? ... கேட்டியா?

... இரு. நான் எதையும் எடுத்துக் குடுக்க மாட்டேன். முதல்ல அவர் என்ன சொன்னார், நீ சொல்லு. எனக்காகப் பூசி மெழுகாதே. ... ம். ... ம். 'அது வேண்டாம், இஸ்திரி போடாதே.' அந்த வார்த்தையேவா? ... அப்புறம்? ... 'நான் அப்படிச் சொல்லவே இல்லை.' ... ம். 'உனக்கு நாளுக்கு நாள் முத்திக்கிட்டே போகுது.' ... ஆமா. அதையும் சொன்னார்.

... இரு, உக்காந்துக்கறேன்.

... இல்ல, தலை சுத்தலை. ரொம்ப நாளைக்கு அப்புறம் தலை நேரா நிக்கிற மாதிரி இருக்கு.

... அவருக்கு மறதியா இருக்கலாமேன்னுதான் நானும் பாக்கறேன். ஆனா நிஜமா மறந்தவன் 'அப்படியா சொன்னேன்?'னு தலையைச் சொறிவான். இவர் ஒரு தடவைகூடச் சொறிஞ்சதில்லை. அப்பா கடைத் தராசு உனக்கு ஞாபகம் இருக்கா? கெட்டுப்போனா ஒரு நாள் நமக்கு நஷ்டம், ஒரு நாள் வாங்கறவங்களுக்கு நஷ்டம். எப்பவும் ஒரே பக்கம் சாய்ஞ்சா? ... ஆமா. கெட்டுப்போன தராசு இல்ல, யாரோ அடியில காந்தம் வெச்ச தராசு. இந்த ஒரு வருஷத்துல என் மறதி ஒரு தடவையாவது எனக்கு லாபமா முடிஞ்சிருக்கான்னு இப்ப யோசிச்சுப் பாக்கறேன். ஒரு தடவைகூட இல்லைக்கா. தியேட்டர் செலவு அவருக்கு மிச்சம். தடிச்சின்னு சொன்ன வாய்க்கு அவமானம் மிச்சம். முன்ரூம் மிச்சம். வியாபாரி வீட்டுப் பொண்ணு, இந்தச் சின்னக் கணக்கைப் பார்க்க ஒரு வருஷம் ஆயிருக்கு.

... என்னது? ... உனக்கும் போன் பண்ணினாரா? எப்போ? ... 'அவ சொல்றதைத் திருத்தாதீங்க, மனசு ஒடிஞ்சுடுவா'ன்னா? ... அதான் நீ ஒரு மாசமா எதுக்கெடுத்தாலும் சரி சரின்னு கேட்டுக்கிட்டிருந்தியா. நான் உளர்றேன், நீ பொறுத்துக்கறேன்னு நினைச்சு, நானும் உனக்குப் போன் பண்றதையே குறைச்சுட்டேன். ... இல்லைக்கா, அழாதே. உனக்குக் கிடைச்சதும் அதே இரக்கம்தான். நல்லாப் பொட்டலம் கட்டிக் குடுத்திருக்கார், பிரிச்சுப் பாக்கத் தோணாது.

... இல்ல, இப்ப அவர்கிட்டப் போய், அக்கா கேட்டுக்கிட்டிருந்தாங்கன்னு சொல்லப்போறதில்லை. ஒத்துக்குவார்ங்கறியா? ஒளிஞ்சிருந்து கேட்டீங்களா, ரெண்டு பேரும் சேர்ந்து சதி பண்றீங்களான்னு அதுவும் என் வியாதியில ஒண்ணாயிடும். எடை குறைச்சவன்கிட்டயே போய் எடை போடச் சொல்ற கதை. நீ கேட்டே, நான் கேட்டேன், போதும். ... ஆமா. இனிமே அவர் சொல்றதை நடந்த அன்னைக்கே உனக்குச் சொல்லிடறேன். நீ திருத்த வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். கேட்டு வெச்சுக்கோ.

... வேலையை விடறதா? யாரு சொன்னா? ... நானா? பாரு, அதை மட்டும் மறந்துட்டேன்.

... என்னக்கா? ஏன் இழுக்கறே? சொல்லு. ... அப்பாவுக்கு என்ன?

... எத்தனை தடவை கேட்டார்? ... 'எனக்குப் புத்தி கலங்குதா'ன்னா?

...

அது நான் செஞ்சதுக்கா. ... இல்ல, அவர் இல்ல. நான். முந்தாநாள் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். 'மாப்பிள்ளை கூப்பிட்டாரேம்மா, முன்ரூம்னு சொன்னாரே'ன்னார். 'நீங்க தப்பாக் கேட்டிருப்பீங்கப்பா'ன்னேன். அப்பா விடலை, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வயசாச்சுப்பா, உங்க ஆசையையும் சேர்த்துக் கேக்கறீங்க'ன்னேன். அதே வார்த்தைக்கா. என் மேல வீசினதைத் துடைச்சு, அப்பா கையில குடுத்துட்டேன். கண்ணைக் கட்டிக்கிட்டு இருட்டுல உக்காந்திருக்கிற மனுஷன்கிட்ட, காதையும் நம்பாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.

... தெரியாம செஞ்சதுதான். அதுக்காக? சரக்கு கள்ளச் சரக்குன்னு தெரியாம வித்தாலும், வாங்கினவனுக்கு நஷ்டம் நஷ்டம்தானே.

... நாளைக்குக் கடையில இருந்து நேரா உங்க வீட்டுக்கு வரேன். அப்பாவைப் பாத்துக்கத்தான்னு இவர்கிட்டச் சொல்லிக்கறேன். அதுல பொய் இல்லையே. துணிமணி கொஞ்சம் கூடவே எடுத்துக்கறேன். எத்தனை நாள்னு இப்ப கேக்காதே. ... அத்தான் ஒண்ணும் சொல்ல மாட்டாரே? ... நிஜமா? ... சரி.

அப்பா முழிச்சிருக்காரா? ... குடு. நாளைக்கு வரைக்கும் தாங்காது, இப்பவே குடு.

... அப்பா. ... சாப்பிட்டீங்களா? ... கண்ணு வலிக்குதா? ... அப்பா, ஒரு விஷயம். நீங்க சரியாத்தான் கேட்டீங்க. முன்ரூம்னு சொன்னார். 'நம்ம வீட்டுக்கே வந்துடுங்க'ன்னு சொன்னார். நானும் பக்கத்துல இருந்து கேட்டேன். ... இல்லைப்பா, உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. புத்திக்கும் ஒண்ணும் இல்ல. தப்பாச் சொன்னது நான். ... ஆமா. ... ஆமாப்பா. ... நாளைக்கு நான் அங்கே வரேன், கட்டைப் பிரிக்கறப்போ நான்தான் எதிர்ல நிப்பேன்.

... எதுக்குப்பா நீங்க மன்னிப்புக் கேக்கறீங்க? வேண்டாம். இந்த வீட்டுல செய்யாத தப்புக்கெல்லாம் நான் வாரி வாரிக் கேட்டாச்சு. அவருக்கு, அக்காவுக்கு, அத்தானுக்கு, எல்லாருக்கும். அதெல்லாம் தள்ளுபடி. செஞ்ச தப்புன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் தேறுது, அது உங்க பேர்ல நிக்குது. போன்ல தீர்க்கற பாக்கி இல்லப்பா அது.

... இதோ வரேங்க. சட்டைதானே, இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கேன்.

வெச்சுடறேன்ப்பா.