தந்தி எழுதிய மூன்று வரிகள்

நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் எனக்குப் பதினாறு வருடம். பிறந்தநாள் வாழ்த்தா, இரங்கல் கடிதமா, "அண்ணன்கிட்ட குடுங்க, அழகா எழுதுவாரு" என்பார்கள். எங்கள் மேலாளர் வேறு ஊருக்கு மாற்றலானபோது, குழு அவருக்குக் கொடுக்கும் பிரிவுக் குறிப்பும் என்னிடமே வந்தது.

அதற்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. அவர் எதை நன்றாகச் செய்தார், எது குறைந்தது, அதனால் வேலையில் என்ன ஆனது என்று ஆறு பேரும் தனித்தனியே எழுத வேண்டும். குணத்தைப் பற்றிப் பேசக் கூடாது, நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். 'முன்கோபி' என்று எழுதினால் திருப்பிக் கொடுப்பேன்; 'வெள்ளம் வந்த அன்று எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினீர்கள்' என்றால் சேர்ப்பேன். யார் சொன்னது என்று தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே குரலாகக் கோத்து, அவரவர் பகுதியை அவரவருக்கு மட்டும் காட்டிச் சம்மதம் வாங்குவேன். முழுக் குறிப்பைப் பார்ப்பது தொகுப்பவரும் போகிறவரும் மட்டுமே. பயமில்லாமல் எழுதட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

நிறைகள் தாராளமாக வந்தன. வெள்ளத்தின்போது இரண்டு நாள் அவரே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புதியவர்கள் செய்த தவறுகளை மேலிடத்தில் தன் தவறு என்று ஏற்றுக்கொண்டார். குறைகளும் வந்தன. விடுப்பு விண்ணப்பம் வாரக்கணக்கில் அவர் மேசையில் தூங்கும். முடிவெடுத்துவிட்டுத்தான் எங்கள் கருத்தைக் கேட்பார். ஒன்று விடாமல் சேர்த்தேன்.

மீதி இருந்தது தந்தி எழுதியது. எதையும் நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள் என்பதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பட்டப்பெயர். மூன்றே வரி. 'மதிய ஷிஃப்டில் மூன்று மாதமாக நான் ஒருத்திதான், அதுவும் இரட்டை ஷிஃப்ட். அழைத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை கண்ணயர்ந்துவிட்டேன். உங்களிடம் மூன்று தடவை சொன்னேன், பார்க்கலாம் என்றீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.'

கோத்துக் காட்டினேன். "இப்படியே இருக்கட்டும்ணே," என்றாள். "ஒப்படைப்பு அறிக்கையில ஏறிடும்ல? புதுசா வர்றவங்களாவது ஆள் போடுவாங்க."

அவள் கணக்கு சரிதான். குறிப்பில் உள்ள குறைகளைப் போகிறவர் தன் ஒப்படைப்பு அறிக்கையில் எழுதுவார். அடுத்து வருகிறவரின் முதல் வேலை அவற்றைச் சரிசெய்வது. அந்த அடுத்தவர் யார் என்று பரிந்துரைப்பதும் அவரே, அதே வாரத்தில். ஏற்கெனவே இரண்டு முறை என்னைத் தாண்டி வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். மூன்றாவது முறையும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. அந்த மூன்று வரியைப் படித்த சூட்டோடு, தொகுத்தவனுக்கு யார் பரிந்துரை எழுதுவார்கள்? எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், 'தனிப்பட்ட சந்திப்புகள் இன்னும் அடிக்கடி நடந்திருக்கலாம்' என்று போட்டேன்.

மேலாளர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "இவ்வளவு நேர்மையா எங்கிட்ட யாரும் சொன்னதில்லை," என்றார். ஒப்படைப்பு அறிக்கையில், ஆள் பற்றாக்குறை பற்றிக் குழு எதுவும் சொல்லவில்லை என்று எழுதினார். நாற்காலி எனக்குக் கிடைத்தது.

அதன் பிறகாவது ஆள் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பற்றாக்குறை இல்லை என்ற அறிக்கையின் மை காய்வதற்குள் ஆள் கேட்டால், அந்தக் குறிப்பை யார் தொகுத்தது என்ற பேச்சு வரும். ஆறு மாதம் போகட்டும் என்று நினைத்தேன். தந்தி இரண்டு முறை வந்து நின்றாள். நானும் பார்க்கலாம் என்றேன்.

நாலாம் மாதம், மதியம் இரண்டேகால் மணி. குழந்தையின் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று ஒரு தகப்பன் அழைத்தார். எடுத்தவள் தந்தி. பதிவில் பதினொரு நிமிடம் அவர் குரல் மட்டும் கேட்கிறது. இறந்த குழந்தைக்கு நாலு வயது.

விசாரணையில், முன்பே எழுதிக் கொடுத்தேன் என்று தந்தி சொன்னாள். விசாரணை அதிகாரியான நீங்கள் குறிப்பை வரவழைத்துப் பார்த்தீர்கள்; அதில் இல்லை. என்னைக் கேட்டீர்கள். வந்ததையெல்லாம் சேர்த்தேன் என்றேன்.

அன்று மாலையே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "அண்ணே, நான் எழுதினேன்ல? நீங்ககூடக் காட்டினீங்களே. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்குண்ணே."

"எழுதணும்னு மனசுல நெனச்சிருப்பம்மா. தூக்கம் கெட்டா அப்படித்தான் தோணும்," என்றேன். தண்ணீர் கொடுத்தேன். எட்டு நாள் வந்தாள், எட்டு நாளும் அதையேதான் சொன்னேன். ஒன்பதாம் நாள் அவள் கேட்கவில்லை. "நான் எழுதலண்ணே. இப்ப ஞாபகம் வந்திருச்சு," என்றாள். அப்படியே உங்களிடம் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். இப்போது அவளைத் தனியே விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். குளியலறைக் கதவைக்கூட அவள் அம்மா தாழிட விடுவதில்லை.

இன்று காலை என் மேசை இழுப்பறையிலிருந்து அவள் கைப்பட எழுதிக் கொடுத்த தாளை எடுத்துவிட்டீர்கள். இனி மறைத்துப் பயனில்லை. அந்த வரிகளை எடுத்தது நான்தான். உங்களிடம் பொய் சொன்னதும் நான்தான். ஆனால் அவளிடம் சொன்னதை மட்டும் குற்றப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எழுதியும் பிரயோஜனமில்லாமல் போனது என்று தெரிந்தால் அந்தப் பெண் தாங்குவாளா? அண்ணன் அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவளுக்கு நான் இதையாவது செய்ய வேண்டாமா?