ஸ்டோரில் கிடந்த செம்பு

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும் மேடம், சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள். சந்தாபுராவில் இந்தத் தெருவைக் கண்டுபிடிக்க ஆட்டோக்காரர்களே தடுமாறுவார்கள். இலவச சட்ட உதவியில் குணசேகருக்கு வக்கீலாக வந்திருக்கிறேன் என்றீர்கள். நல்லது. அவனுக்கு யாராவது வேண்டும்தான்.

நானும் அவனும் கோலார் தங்கவயல் ஆட்கள். சுரங்கம் மூடிய பிறகு ரயில் பிடித்து பெங்களூருக்கு வந்து கான்கிரீட் சுமந்தோம். நாற்பது தாண்டித்தான் நீலசந்திராவில் சர்ச் ஹாலில் எழுத்துப் படித்தேன். பெயர் எழுத வந்தது. அதனால்தான் டைரக்டர் ஆனேன்.

சிரிக்காதீர்கள். ஐ.டி. பார்க்குகளுக்கு ஹவுஸ்கீப்பிங், ஏசி வேலைக்கு ஆள் கொடுக்கிற கம்பெனி அது. முதலாளி ஹரிஷ்குமார் சார் என் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிக்கொண்டார். "தாஸண்ணா, பேப்பர்ல நீங்க டைரக்டர். நம்ம டிரைவர் கிளெமென்டும் டைரக்டர். ஒரு கம்பெனிக்கு ரெண்டு பேராவது வேணும்" என்றார். சம்பளத்தோடு கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து கிளெமென்ட் என்னைப் பார்த்தால் விடமாட்டான். "யோவ் டைரக்டரு, டயரு பஞ்சரு, எறங்கித் தள்ளு" என்பான். நான் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலையைத்தான் பார்த்தேன். பென் டிரைவ் மாதிரி ஒன்றில் என் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதாம். அது ஆடிட்டர் டிராயரில் இருந்தது. அது எங்கெங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் இஎஸ்ஐ விஷயம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஒவ்வொருவர் சம்பளத்திலும் மாதம் நூற்றுச் சொச்சம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு என்று பிடிப்பார்கள். முதலாளி தன் பங்கு அதற்கு மேல் போட்டு அடுத்த மாதம் பதினைந்துக்குள் கட்ட வேண்டும். பிடித்தார்கள், கட்டவில்லை. அந்தப் பணம் பேங்க் கடன் தவணைக்கும் டெண்டர் டெபாசிட்டுக்கும் போயிற்று. பில் பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்று ஆடிட்டர் சொன்னார். அங்கே யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. புதிதாக வேலைக்கு வந்த கணக்குப் பெண்கூட ரெண்டே மாதத்தில் "பெண்டிங்" என்று சொல்லப் பழகிவிட்டது. நானும் அப்படித்தான் பழகினேன்.

குணசேகரும் அதே கம்பெனியில்தான் ஏசி வேலை பார்த்தான். அவன் மனைவி செண்பகத்துக்கு சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். இஎஸ்ஐயில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, பணம் வரவில்லை, தகுதி இல்லை என்று அனுப்பினார்கள். முதலாளி கட்டாவிட்டாலும் தொழிலாளிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறதாம். அதை அந்த ஜன்னலில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. என்னிடம் வந்தான்.

"இன்னாடா மச்சான், மாசாமாசம் புடிக்கிறானுங்கோ, அங்க இல்லேன்றானுங்கோ. எங்கடா போது துட்டு?"

"சர்வர் டௌன்டா. அடுத்த மாசம் ஏறிடும்" என்றேன்.

நாலு மாதம் அதையே சொன்னேன். அவன் என்னை நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பிறகு அவன் போலீஸ் ஸ்டேஷன் போனான். ஏட்டு கேட்டுவிட்டு, "இது சிவில் மேட்டர் கணப்பா, இஎஸ்ஐ ஆபீஸ்ல ஹோகி கேளு" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி அங்கே போகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கேஸ் என்று வந்தால் முதலில் டைரக்டர் பெயர்தான் வரும். கம்பெனி வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"தாஸ், திருட்டுன்னா ஒரு கை வேணும், ஒரு மனசு வேணும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும். இங்க கை உன்னுது, மனசு யாருதுன்னு எப்படிக் காட்டுவான்? நீ கையெழுத்துப் போட்டே, ஆடிட்டர் அனுப்பினாரு, பேங்க் எடுத்துக்கிச்சு, ஹரிஷ் பேப்பர்லயே இல்ல."

இன்னும் சொன்னார். இஎஸ்ஐ சட்டத்தில் கேஸ் போட அவர்கள் பெரிய அதிகாரி அனுமதி கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு உண்டு, தாண்டினால் போயிற்று. பிடித்த பணத்தைக் கட்டாதது நம்பிக்கை மோசடி என்று போலீஸ் கேஸ் போடலாம். ஆனால் ஸ்டேஷனில் கணக்குப் படிக்க ஆள் கிடையாது. டிபார்ட்மென்டுக்கு ஜெயிலைவிட வசூல் முக்கியம். வட்டி, அபராதத்தோடு தவணையில் கட்டுகிறோம் என்றால் ஃபைலைத் தள்ளி வைப்பார்கள். எழுநூறு பேர் ஏமாந்திருக்கிறார்கள், ஆளுக்கு நூறு ரூபாய். நூறு ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்கு வருவார்கள்? நிறையப் பேருக்கு ஏமாந்ததே தெரியாது.

"ஒரே ஒரு ஆள் விடாமப் புடிச்சுத் தொங்கினா மட்டும்தான் தலைவலி" என்றார்.

அந்த ஒரே ஆள் குணசேகர். எனக்கு அவன் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆஸ்டின் டவுனில் யாரோ அவனுக்கு இஎஸ்ஐ அதிகாரிக்கு மனு எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டான். நான் யோசித்தேன். நம்முடையது குற்றமாகவே தெரியாத குற்றம். அவனுடையது கண்ணுக்குத் தெரிகிற குற்றமாக இருந்தால் போதும்.

ஸ்டோரில் பழைய ஏசியிலிருந்து கழற்றிய செம்புக் குழாய் மூட்டையாகக் கிடந்தது. அவனிடம் சொன்னேன்.

"இத யாரும் எண்றதில்லடா. எடுத்துனு போய் காயலான் கடைல போடு, அண்ணிக்கு ரெண்டு டயாலிசிஸாவது ஆவும். நான் இருக்கேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ ஒருத்தன் இல்லாட்டி நான் செத்துருப்பேன்டா" என்றான்.

கேமரா இருக்கிற வாசல் வழியாகவே தூக்கிக்கொண்டு போனான். ஒளிந்து போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, நான்தானே கொடுத்தேன். கம்பெனி சார்பாக டைரக்டர் என்று நானே புகாரில் கையெழுத்துப் போட்டேன். பேனாவால் போட்டேன், நன்றாக வந்தது. அன்று மதியச் சாப்பாட்டுக்குள் அவனைப் பிடித்துவிட்டார்கள். யார் அனுமதியும் தேவைப்படவில்லை. முகம் இருந்தது, செம்பு இருந்தது, கை இருந்தது. வேலைக்காரன் முதலாளி பொருளை எடுத்தால் ஏழு வருஷம் வரை போடலாமாம். ஜாமீன் கிடைத்தது, ஆனால் சொத்து காட்டி ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கவில்லை. பரப்பன அக்ரஹாரம் ஜெயிலிலேயே கிடக்கிறான். அவன் மனு பிறகு போயிற்று. வேலையில் திருடி மாட்டியவன் வஞ்சம் தீர்க்கிறான் என்று கம்பெனி பதில் எழுதியது. பாக்கியைக் கட்டத் தவணை கேட்டு வாங்கியது. ஆட்களை வேறு பெயரில் ஒரு புதுக் கம்பெனிக்கு மாற்றியது. பழைய கம்பெனி இப்போது நானும் கிளெமென்டும்தான்.

செண்பகம் அவன் உள்ளே போன மூன்றாவது வாரம் போய்ச் சேர்ந்தாள். டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இல்லை. சாவுச் செலவுக்கு நான்தான் கொடுத்தேன். அவனை போலீஸ் காவலோடு கூட்டிவந்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நீ ஏன்டா புகார் கொடுத்தே என்று அவன் கேட்கவில்லை. முதலாளி மிரட்டி வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஹரிஷ்குமார் சார் இதைச் செய்யச் சொல்லவில்லை. அவருக்கு இது தெரியவே தெரியாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

டைரக்டரே எடுத்துப்போ என்று சொல்லியிருந்தால் அது திருட்டே இல்லை, அவன் வெளியே வந்துவிடுவான், இதைக் கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்று கேட்கிறீர்கள். சொல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை மேடம், பொய் சொல்கிற ஆள் இல்லை நான். ஆனால் கம்பெனி கொடுத்த புகாருக்கு எதிராக டைரக்டர் பேச வேண்டும் என்றால் போர்டு தீர்மானம் வேண்டுமாம், வக்கீல் சொன்னார். போர்டு என்றால் நானும் கிளெமென்டும். அவனிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தனியாக நான் என்ன செய்ய முடியும்?