பங்கு பிரியாத நிலம்

எனக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது, மேடம். இங்கே வரும்வரைக்கும் பழைய ஸ்கூட்டரில்தான் போய்வந்துகொண்டிருந்தேன். வருடத்துக்கு நாலு சட்டைக்கு மேல் எடுத்ததில்லை. இலவசச் சட்ட உதவியிலிருந்து வந்திருக்கிறீர்கள், வழக்கை நடத்த நடந்தது முழுவதும் தெரிய வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் ஏகாம்பரம் பேராசைக்காரன் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

எங்களுக்கு ஊர் நூம்பல். என் பாட்டனுக்கு அங்கே ஐந்து ஏக்கர் இருந்தது. பக்கத்து வயல்காரருக்கும் அதே ஐந்து ஏக்கர், அதே ஏரித் தண்ணீர். என் பாட்டனுக்கு ஐந்து மகன்கள். பக்கத்து வயல்காரருக்கு ஒரு மகன், அந்த மகனுக்கும் ஒரே மகன், ரகுநாதன். இன்றைக்கு ரகுநாதனுக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது, குடோன் வாடகை வருகிறது. அவன் மகளை வெளிநாட்டில் படிக்க வைக்கிறது அந்த வாடகை. என் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளில் ஒருவன் அதே மண்டபத்தில் வாட்ச்மேன். சமமாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று பேசுகிறவர்களை அந்த மண்டப வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அண்ணன் தம்பிகளுக்குள் சமமாகப் பிரித்தார்கள், எல்லோரும் சமமாக ஒன்றுமில்லாமல் போனார்கள். ரகுநாதனுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் அவன் உழைத்து வந்ததல்ல. அவன் வீட்டில் யாரும் பங்கு கேட்கப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். இது என் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் புரிந்ததில்லை. புரிகிற ஜாதியும் இல்லை அவர்கள்.

என் அப்பா பங்குக்கு ஒரு ஏக்கர் வந்தது. அதில் பாதிக்கு மேல் விற்றுத்தான் என்னை பாலிடெக்னிக்கில் சேர்த்தார். அந்தப் படிப்பால் எனக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன். தம்பி வேம்புலியைப் படிக்க வைக்க நிலம் மிச்சமில்லை என்றில்லை, மனசு மிச்சமில்லை. பத்தாவதோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்குப் போனான். கடைசி வரைக்கும் காண்டிராக்ட். தங்கை தாட்சாயிணிக்கு இருபத்தைந்து சவரன் போட்டுக் கட்டிக்கொடுத்தோம். அவள் புருஷன் அதை இரண்டு வருடத்தில் அடகுக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். நகை போனது, அவள் அதே இடத்தில் நின்றாள்.

அம்மா ஏற்கெனவே இல்லை. அப்பா உயில் எழுதாமல் செத்தபோது ஆறு கிரவுண்டு, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் இருந்தது. சட்டப்படி மூன்று பேருக்கும் சம பங்கு. அப்பா என் படிப்புக்கு விற்றதைச் சட்டம் கழித்துக்கொள்வதில்லை, தெரியுமா? பிள்ளைக்குப் படிப்பாகக் கொடுத்தது பங்கில் சேராது. கையில் வாங்கியவனுக்கு அது லாபம். நகை மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். அதனால் தாட்சாயிணியிடம், "ஒனக்குத்தான் சீர் செஞ்சாச்சேம்மா, அதான் ஒன் பங்கு" என்றேன். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணமும் ரொம்பக் குறைவு. ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்தேன், அழுதாள். அண்ணன் வீட்டு வாசல் தனக்கு எப்போதும் திறந்திருக்கும் என்று நினைத்து அழுதாள். பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது இப்படித்தான். யாரும் பிடுங்குவதில்லை.

எனக்கும் வேம்புலிக்கும் ஆளுக்கு மூன்று கிரவுண்டு. பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டினோம். தண்ணீர்த் தொட்டி மட்டும் பொது. அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தால் அந்த மூன்று கிரவுண்டும் மறுபடி துண்டாகும். ஆகாவிட்டால் என் மகன் தினேஷுக்கு வரும். ஆறு கிரவுண்டும் ஒரே கையில் நிற்கும். நான் செய்ததெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

வேம்புலிக்கு வரன் வரும். எனக்கும் அதில் சந்தோஷம்தான், பெண் பார்க்க நான்தான் முன்னால் போவேன். இரண்டு நாள் கழித்துத் தனியாகப் பெண்ணின் அப்பாவைப் போய்ப் பார்ப்பேன். பட்டாபிராமில் ஒரு பெரியவர் இருந்தார். அவரிடம் சொன்னேன்.

"மறைச்சிக் கட்டி வெக்கிறது பாவம் ஐயா. என் தம்பிக்கு எப்பனா ஒரு தபா வலிப்பு வரும். மாத்தர துன்னா செரியாப் பூடும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிக்காதீங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவரே வந்து சொல்றீங்களே. இந்த மனசு யாருக்கு வரும்."

வேம்புலிக்கு வலிப்பு எதுவும் கிடையாது. பெண் வீட்டார் யாரும் உண்மைக் காரணத்தைச் சொல்லவும் இல்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். நல்லவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நல்லவர்களை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கலாம். ஒவ்வொரு வரனாகத் தட்டிப்போனது. நாற்பது தாண்டியதும் அவனே பார்க்க வேண்டாம் என்றுவிட்டான்.

பிறகு அவன் பாசம் முழுவதும் என் வீட்டுக்குத்தான் வந்தது. தினேஷுக்கு ஸ்கூல் பஸ் கட்டணம், நீட் கோச்சிங், எல்லாவற்றிலும் சித்தப்பா பணம் இருந்தது. கல்யாணம் ஆகாதவன் சம்பளம் அண்ணன் பிள்ளைக்குத்தான் போகும். இதைத் தானம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. என் மகள் சுரேகாவுக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை. பி.காம். படித்தாள், நகை போட்டு அனுப்பினேன். தினேஷுக்குத் தனியார் மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு சீட். அதற்கு வாங்கிய கல்விக் கடனுக்கு பேங்கில் அடமானம் கேட்டார்கள். வேம்புலி தன் மூன்று கிரவுண்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தான். என் பத்திரத்தை நான் வைக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

போன ஆவணியில் வந்து என் எதிரே உட்கார்ந்தான். ஐம்பத்திரண்டு வயசு, தலைக்குச் சாயம் அடித்திருந்தான்.

"அண்ணா, மாங்காட்டுல தாலி கட்டிக்கலாம்னு கீறேன். எங்க கம்பெனி கேண்டீன்ல ஷோபனான்னு. புருஷன் இல்ல, ஒரு பொண்ணு கீது. மோகனப்பிரியா, பதினொண்ணாவது நல்லாப் படிக்கிது. அத்த எதனா பெரிய படிப்பு படிக்க வெக்கணும். பேங்க்ல கீற என் பத்திரத்த மீட்டுக் குடுண்ணா."

"இன்னாடா அவசரம்" என்றேன்.

"ஷோபனா பேர்ல செட்டில்மென்ட் எழுதலாம்னு. தாலி கட்டி பதிவு பண்ட்டா செலவு கம்மியாம். வெளியாளுக்குன்னா மதிப்புல ஏழு பர்சென்ட்டாமே."

லேத் வேலைக்காரனுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. சரியாகத்தான் சொன்னான். எழுதாமலே செத்தாலும், தாலி கட்டியிருந்தால் அத்தனையும் மனைவிக்கு. முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. யாரோ பெற்ற பெண் டாக்டர் ஆவதற்கு என் பாட்டன் நிலம். சிரிப்புத்தான் வந்தது. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை, மேடம். முட்டாள்கள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

கல்யாணத்துக்கு ஆட்கள் வருவார்கள், தொட்டியைக் கழுவிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவன் உள்ளே இறங்கினான். தொட்டிக்குள் போகும் மோட்டார் ஒயர் பழுது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்கினான். சுவிட்ச் என் வீட்டுக்குள் இருந்தது. என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். கொஞ்சம் பொறுத்து அணைத்தேன். பிறகு கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். ஷோபனா சாவு வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். எந்த உரிமையில் உள்ளே வருவதென்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

போலீஸ் மின்கசிவு என்று எழுதியது. நான் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். அப்போதுதான் வக்கீல் பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தங்கச்சி கையெழுத்து வேணுமே சார்" என்றார்.

"அவதான் எப்பவோ விடுதலை எழுதிக் குடுத்துட்டாளே."

"அது உங்க அப்பா சொத்துக்கு. இது தம்பி சொத்து. அவருக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல, அப்பா அம்மா இல்ல. அப்போ அண்ணனுக்குப் பாதி, தங்கச்சிக்குப் பாதி."

ஒரு தடவை எழுதி வாங்கிவிட்டால் பெண் பிறந்த வீட்டுக்கே வேற்றாள் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படியே நினைத்திருந்தேன். இத்தனை வருடம் பொறுமையாகச் சேர்த்ததில் இந்தச் சின்ன விஷயத்தைக் கேட்காமல் விட்டது என் தப்புத்தான்.

புதுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் பக்கத்தில் அண்ணனூருக்கு, தாட்சாயிணி வீட்டுக்குப் போனேன். புடவையும் வாங்கிப் போயிருந்தேன். அவள் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, சுவிட்சு ஒன் ஊட்டுக்குள்ளதான கீது?"

"ஆமா."

"அண்ணிதான் அன்னிக்கி கோயிலுக்குப் பூட்ச்சே. அப்ப யாரு போட்டது?"

அவளிடம் பதில் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

கொலை செய்தவனுக்கு, கொலையுண்டவன் சொத்து வராது. கணக்குக்கு அவன் முன்பே செத்தவன் மாதிரி. சரி, தினேஷுக்காவது போகுமா என்றால் அதுவும் இல்லை. தங்கை உயிரோடு இருக்கும்போது அண்ணன் பிள்ளை அடுத்த வரிசைதான். வழக்கில் எனக்குத் தண்டனை ஆனால் மூன்று கிரவுண்டும், அடமானக் கடனோடு, தாட்சாயிணிக்கே. ஒரு கிரவுண்டை விற்றுக் கடனை அடைப்பாளாம், இன்னொன்றை ஷோபனாவின் பெண் படிப்புக்குக் கொடுப்பாளாம். வெளியாளுக்கு எழுதினால் முழுக் கட்டணம். கட்டுகிறேன் என்கிறாளாம். ஒரு தலைமுறையில் சேர்ப்பதை இப்படிப்பட்டவர்கள் ஒரே கையெழுத்தில் ஊருக்கு இறைப்பார்கள். அதனால்தான் அவர்கள் கடைசி வரை அண்ணனூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

என்னுடைய மூன்று கிரவுண்டு அப்படியே இருக்கிறது. அதுதான் எனக்கு ஆறுதல். போன வாரம் தினேஷ் வந்தான். இப்போது டாக்டர், மேடம். வேலை அதிகம், நான் இங்கே வந்து நாலு மாசத்தில் அதுதான் முதல் தடவை. என் வீட்டையும் நிலத்தையும் அவன் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தான்.

"சுரேகாக்கா பேரு வாணாம்பா. அவங்களுக்குத்தான் நகை போட்டாச்சே" என்றான்.

கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொண்டிருக்கிறான். என் ஆயுள் வரைக்கும் அந்த வீட்டில் இருக்கும் உரிமையைச் சேர்க்கலாமே என்றேன். கடைசிக் காலத்தில் அவன் என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் போடுவது வழக்கம், அதையும் கேட்டேன். அது இருந்தால், கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று இரண்டையும் சேர்க்காமல் விட்டுவிட்டான். பத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறான். ஜாமீன் பற்றிப் பேச அவனுக்கு நேரம் இல்லை. தனியாக வக்கீல் வைத்தால் சொத்துதானே கரையும் என்று அவன்தான் உங்களைப் போன்றவர்களைக் கேட்கச் சொன்னான்.

சிறையில் இருக்கிறவனிடம் சார்பதிவாளரே வந்து பதிவு செய்துகொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. புதன்கிழமை வருகிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் தினேஷுக்கு வேறு கவலை இருக்காது. அப்புறம் என்னை அடிக்கடி பார்க்க வருவான்.