மூன்றாவது அர்த்தம்

சவரியப்பன் நல்ல கடிதம் எழுதுவான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. எங்கள் பள்ளியில் படித்துப் போன பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒரு விண்ணப்பம் ஒழுங்காக எழுத வராது. அவனுக்கு வரும். காரணம், ஆங்கிலம் நான் நடத்தினேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். காற்றில் அடித்துக்கொண்டால் எனக்குப் பேச்சு ஓடாது. ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தால் போதும். நன்றி.

ஆவூருக்குத் தெற்கே மிஷன் நடத்தும் நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியர். சவரியப்பன் என் மாணவன். சென்னைக்குப் போய் சினிமாத் தொழில் படித்துக்கொண்டிருந்தான். கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவனும் சொந்தமாக ஒரு சிறிய படம் எடுத்துக் காட்டினால்தான் சான்றிதழ். அதற்காக எங்கள் பள்ளி வளாகத்தைக் கேட்டு, போன வருடம், அதாவது நாற்பத்தொன்பது கடைசியில், எனக்கு எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம். கல்லூரி முதல்வரின் சிபாரிசும் இணைத்திருந்தது.

அந்தக் கடிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எந்தச் சனி ஞாயிறு வேண்டும், எத்தனை பேர் வருகிறார்கள், என்னென்ன கொண்டு வருகிறார்கள் எல்லாம் இருந்தது. சாவி கொடுத்து ஓடும் கேமரா ஒன்று. அதற்கு முக்காலி. வெயிலைத் திருப்பி அறைக்குள் அனுப்ப வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகள். மின்சாரம் தேவையில்லை. வகுப்பு நேரத்தில் வர மாட்டோம், சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், உடைந்தால் ஈடு செய்வோம். நடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். படத்தின் தொடக்கத்தில் பள்ளிக்கு நன்றி போடுவோம். முடிந்ததும் ஊர் சனங்களுக்கு முதலில் காட்டுவோம். வகுப்பில் உதாரணமாக வாசித்துக் காட்டலாம், அப்படி ஒரு கடிதம்.

கதைச் சுருக்கமும் இருந்தது. அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் கல்லூரி விதியாம். வினைச்சொல் ஒப்பிக்கத் தெரியாத ஒரு பையனை ஆசிரியர் அறையில் வைத்துப் பூட்டுகிறார், பிறகு மறந்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. யார் பெயரும் இல்லை. ஆனால் பூகோளப் படங்கள் வைக்கும் தகரக் கூரை அறை வேண்டும் என்று கேட்டிருந்தான். பையனின் தாயாக நடிக்க அடைக்கலமேரி சம்மதித்திருப்பதாகவும் எழுதியிருந்தான்.

அடைக்கலமேரி எங்கள் ஊர்க்காரி. அவள் மகன் பிச்சைமுத்து என்னிடம் படித்தான். காய்ச்சலில் இறந்தான். பள்ளிக்கூடத்தில் வைத்து இறந்தான் என்பது உண்மை. ஆனால் காய்ச்சல் அவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. பங்குச் சுவாமியாரும் அப்படித்தான் இறப்புப் பதிவுப் புத்தகத்தில் எழுதினார்.

நான் உடனே பதில் போடவில்லை. சவரியப்பன் இடம் பார்க்க நேரில் வந்தான். ஒல்லியான பையன், சென்னைக்குப் போயும் சதை பிடிக்கவில்லை. இரண்டு கை விரல்களையும் சதுரமாகச் சேர்த்து, அதன் வழியாக வளாகத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னப்பா, ஊரையே வெலைக்கு வாங்கப் போறியா?" என்றேன்.

"இல்ல சார், எங்கிட்டுருந்து வெளிச்சம் வருதுன்னு பாக்குறேன். எங்ககிட்ட லைட்டு இல்ல. சூரியன் ஒண்ணுதான், அதுக்கு வாடகை இல்ல."

சிரித்தேன். நல்ல பிள்ளை, ஐயா. இப்போதும் சொல்கிறேன்.

தகரக் கூரை அறை முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். "இதை மட்டும் ஒரு நா தொறந்து விடுங்க சார்."

"கரையான் அரிச்சுக் கெடக்கு."

"பரவால்ல சார். ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒங்க பேரும் வராது. நான் அன்னைக்குக் கடைசி பெஞ்சுல இருந்தேன். அவன் தட்டுன சத்தம் இன்னும் காதுல கெடக்கு. அதை எங்கனயாச்சும் எறக்கி வைக்கணும்."

"உன் படத்துல சத்தமும் வருமா?" என்று கேட்டேன்.

"எங்க படத்துல வராது சார். சவுண்டு மிஷினெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்குத்தான்."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவன் அத்தோடு விட்டிருக்கலாம். கதவில் உள்ளங்கையை வைத்து, "கதவு அதிருறதை மட்டும் கிட்டத்துல காட்டுவேன் சார். அது போதும். பாக்குறவன் காதுல தானா கேக்கும்" என்றான்.

ஊர் சனங்களுக்கு முதலில் காட்டுவதாக எழுதியிருந்தான் அல்லவா? அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து எழுந்து வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஊருக்கே கேட்கும்படி செய்வது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

மறுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அவன் சுவாமியாரிடம் போவான். பள்ளி மானேஜர் அவர். அவர் கடிதத்தைப் படிப்பார். மறுப்பதுதான் சந்தேகம் கிளப்பும். ஆகவே அனுமதி கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு பெரிய பண்ணை ஆத்மநாதனுடையது. மாடி வீடு. அந்த வருடம் குத்தகைக்காரர்களுக்கும் அவருக்கும் களத்து மேட்டில் தகராறு. தலைமறைவாக இருக்கும் கம்யூனிஸ்டுகள் நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கியோடு திரிகிறார்கள் என்று ஒரு பேச்சு. அவர் களத்தில் யாரோ மிரட்டல் நோட்டீஸ் வேறு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மனிதர் இரட்டைக்குழலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். ஓலை விழுந்தாலும் எழுந்துவிடுவார்.

ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் அவர் என்னிடம்தான் கொடுத்து வாசிக்கச் சொல்வார். இந்த முறை சவரியப்பன் கடிதத்தை நானே கொண்டு போனேன். வளாகம் அவர் வீட்டை ஒட்டியிருப்பதால் அண்டை வீட்டுக்காரருக்குத் தெரிவிப்பது மரியாதை.

"என்ன வாத்தியாரே, சர்க்கார் கடுதாசியா?"

"இல்லைங்க. சில பேர் நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர்றாங்களாம். சனிக்கிழமை விடியக்காலம். மதில் ஓரமா முக்காலி போட்டு, அதுமேல ஒரு கருவியை வச்சு, ஷூட் பண்ணணுமாம். அனுமதி கேக்குறாங்க."

"ஷூட்டுன்னா?"

பையிலிருந்து அகராதியை எடுத்துப் பிரித்தேன். அவர் மருமகனுக்குக் கொஞ்சம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். அவனையே பார்க்கச் சொன்னேன். சுடு என்று போட்டிருந்தது.

"வேற அர்த்தம் ஏதும் இருக்கா, வாத்தியாரே?"

"இருக்குங்க. தளிர்னும் சொல்லலாம்."

"விடியக்காலம் மதில்மேல தளிர் விடவா வர்றானுங்க?" என்று மருமகன் சொல்ல, வேலையாட்களும் சிரித்தார்கள். ஆத்மநாதன் சிரிக்கவில்லை.

"சுட வர்றவன் எதுக்குய்யா பெர்மிஷன் கேக்குறான்?"

"அதுதாங்க எனக்கும் தெரியல" என்றேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை. பதிலை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். "எங்க பாட்டன் காலத்துல தீவட்டிக் கொள்ளைக்காரன் இப்படித்தான். இன்ன தேதிக்கு வாரேன்னு ஓலை அனுப்பிட்டுத்தான் வருவான். ஆம்பளைன்னு காட்டிக்கிறதுக்கு. இது அதுதான்."

போலீசுக்குச் சொல்லலாம் என்றான் மருமகன். நல்ல யோசனைதான். ஆனால் ஆத்மநாதன், "எம் வீட்டு மாடிக்கு எவன் எவனோ காவலா? நான் இருக்கேன்" என்றுவிட்டார். அதற்கும் நான் பொறுப்பல்ல.

வீட்டுக்குப் போய் சவரியப்பனுக்குப் பதில் எழுதினேன். அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கிறது. அதில் தவறான வரி ஒன்று இருக்கிறதா, பாருங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வளாகத்தைப் பயன்படுத்தலாம். கோயில் பக்கம் போகக்கூடாது. கரும்பலகையை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகள் தெருவில் பள்ளிக்கு வரும் காட்சிதான் முதலில் என்று எழுதியிருந்தாய். மேற்கு மதிலருகே நின்று எடுத்தால் காலை வெயில் முதுகுப் பக்கமிருந்து வரும், எதிர்வீட்டு மாடி பளிச்சென்று விழும், தெரு முழுவதும் கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் முக்காலியை நிறுத்திவிடு. இதெல்லாம் அவனுக்கு உபயோகமான குறிப்புகள். நன்றி தெரிவித்து ஒரு கார்டு போட்டிருந்தான்.

பிள்ளைகளை மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொல்லியிருந்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என்னைக் கொடுமைக்காரன் என்று பலர் சொல்வார்கள். குழந்தைகள் விஷயத்தில் நான் எப்போதும் கவனமாக இருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை நான் வகுப்பறை சன்னலருகே நின்றேன். உட்கார முடியவில்லை. கூட வந்த பையன்கள் முக்காலியின் கால்களை விரித்து, கறுப்புத் துணியை உருவிவிட்டு, மாடியை நோக்கி கேமராவின் நீளமான கண்ணாடிக் குழாயைத் திருப்பினார்கள். சவரியப்பன் சாவி கொடுத்துவிட்டுக் குனிந்து கண்ணை வைத்தான். மாடியில் ஆத்மநாதன் எழுந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும், குழாய் வழியாகப் பெரிதாகவே தெரிந்திருக்கும். காட்சிக்குப் பொருத்தமாக ஒரு பெரியவர் வந்து நிற்கிறார் என்று நினைத்தானோ என்னவோ. கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

சாவி கொடுத்த கேமரா அல்லவா, அவன் குண்டு பட்டு விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷூட் என்றால் படம் பிடிப்பது என்று எனக்குத் தெரியாதா? என் அகராதியில் அந்த அர்த்தம் இல்லை, பழைய பதிப்பு. ஆனால் என் பதில் கடிதத்தில் வெயிலையும் வெளிச்சத்தையும் பற்றி நானே எழுதியிருக்கிறேன் என்கிறீர்கள். சுட வருகிறவனுக்கு எந்த வாத்தியாரும் வெளிச்சம் பார்த்துச் சொல்ல மாட்டான் என்கிறீர்கள். சரி. தெரியும். கடிதத்தைப் பிரித்த நிமிஷமே தெரியும். இரண்டு அர்த்தம் சொன்னேன், மூன்றாவதைச் சொல்லவில்லை. அந்தப் பையன் சாக வேண்டும் என்றுதான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பிச்சைமுத்து விஷயத்தை இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு. அந்த வினைச்சொல்லை வகுப்பு முழுக்க ஒப்பித்தது. ஷூட், ஷாட், ஷாட். அவன் மட்டும் மூன்று முறையும் ஷூட் என்றே சொன்னான். ஒப்பிக்க வரும்வரை உள்ளே இரு என்று அறையில் விட்டுத் தாழிட்டேன். சித்திரை மாதம். நான் பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டேன். சத்தம் கேட்டிருந்தால் திறந்திருக்க மாட்டேனா? சவரியப்பன் கடைசி பெஞ்சில் இருந்தவன். அவனுக்கு ஆயிரம் கேட்கும்.

எனக்குக் கேட்கவில்லை, ஐயா. அவன் தட்டுவதை நிறுத்துகிற வரைக்கும் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவே இல்லை.